நாரி நோவும் மூன்று ஸ்கான்களும்: எதை எப்போது, ஏன் எழுதுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கதிரியல் வினாக்களுக்கு விடை எழுதப் பழகும் மருத்துவ மாணவர்களும், விடுதியில் ஸ்கான் கோரிக்கைப் படிவம் நிரப்பும் இளம் வைத்தியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். அல்ட்ராசவுண்ட், சி.ரி., எம்.ஆர்.ஐ. ஆகிய மூன்றையும் தலைமுதல் கால்வரை விளக்கப் போனால் எதுவும் மனதில் நிற்காது. ஆகவே நாரிப்புறத்தில் தொடங்கிக் கவட்டுக்கு இறங்கும் நோ என்ற ஒரே முறைப்பாட்டை எடுத்துக்கொள்கிறேன். வெயிலில் நின்று வேலை செய்து, தண்ணீரைக் குறைவாகக் குடிப்பவர்கள் நிறைந்த எங்கள் ஊர்களில் இது அடிக்கடி வரும் நோ. மூன்று கருவிகளின் பலமும் பலவீனமும் இந்த ஒரு நோவிலேயே தெளிவாகப் பிரிந்து தெரியும்.

மூன்றுமே படம்தானே காட்டுகின்றன. உள்ளே நடப்பது அவ்வளவு வேறா?

முற்றிலும் வேறு. அல்ட்ராசவுண்ட் எதிரொலியைப் படமாக்குகிறது. வயிற்றைப் பார்க்கும்போது பெரும்பாலும் 2 முதல் 5 மெகாஹேர்ட்ஸ் வரையான மீடிறனுள்ள ஒலி உள்ளே அனுப்பப்படும். அது மென்னிழையங்களினூடாகச் செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் வேகத்தில் சென்று, ஓர் இழையம் முடிந்து தன்மை மாறிய இன்னொன்று தொடங்கும் எல்லையில் ஒரு பங்கு திரும்பி வரும். சிறுநீர் போன்ற தெளிந்த நீர்மத்துக்குள் அத்தகைய எல்லை எதுவும் இல்லாதபடியால் அது கறுப்பாகத் தெரியும். வாயுவின் எல்லையிலோ ஒலி கிட்டத்தட்ட முழுவதுமே திரும்பிவிடும். குடல் வாயுவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது.

சி.ரி. எக்ஸ் கதிரை எந்த இடம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்து, அந்த இடத்துக்கு ஓர் எண்ணைக் கொடுக்கிறது. நீருக்கு 0, வாயுவுக்கு −1000, கொழுப்புக்கு ஏறத்தாழ −100, பெரும்பாலான மென்னிழையங்களுக்கு 30 முதல் 60 வரை, அடர்ந்த என்புக்குப் பல நூறுக்கு மேல் என்று அந்த அளவு போகும். 1979 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கொட்ஃப்றி ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால் அது ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு எனப்படுகிறது. எம்.ஆர்.ஐ. அளப்பது ஐதரசன் கருக்கள் தரும் சமிக்ஞையை. 1.5 தெஸ்லா கருவியின் காந்தப்புலம் பூமியினுடையதைப் போல ஏறத்தாழ 30,000 மடங்கு வலியது. அதற்குள் கிடக்கும் உடலுக்கு வானொலி அலையைக் கொடுத்து நிறுத்தியதும், நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஐதரசன் கருக்கள் திருப்பித் தரும் சமிக்ஞையிலிருந்து படம் உருவாகிறது.

இதிலிருந்து ஒரு பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தேடும் பொருள், தன்னைச் சூழ்ந்திருப்பதிலிருந்து எதில் வேறுபடுகிறது? எதிரொலியிலா, எக்ஸ் கதிரை உறிஞ்சுவதிலா, ஐதரசன் சமிக்ஞையிலா? இதற்குப் பதில் தெரியாமல் பரிசோதனையின் பெயரை எழுதுவது வெறும் ஊகம்.

ஒரே கல்லை மூன்று கருவியிலும் பார்த்தால் எப்படித் தெரியும்?

சிறுநீரகத்தில் இருக்கும் 7 மில்லிமீற்றர் கல்சியம் கல் ஒன்றை நினைத்துக்கொள்வோம். அல்ட்ராசவுண்டில் அது பளிச்சென்ற வெள்ளைக் கோடாகத் தெரியும். ஒலி அதைத் தாண்டிப் போகாதபடியால் அதன் பின்னால் கறுத்த நிழல் நேராக நீளும். சிறுநீரகத்தின் நடுவிலுள்ள கொழுப்பும் இயல்பாகவே வெள்ளையாக இருப்பதால், அதற்குள் கிடக்கும் சிறிய கல்லை நிழலைக் கொண்டுதான் பல வேளைகளில் பிரித்தறிய வேண்டியிருக்கும். மிகச் சிறிய கல் நிழலே தராமலும் போகும். அவ்வேளையில் நிற டொப்ளரைப் போட்டால் கல்லுக்குப் பின்னால் நிறங்கள் கலந்து மினுங்குவது சில சமயம் காட்டிக்கொடுக்கும்.

சி.ரி.யில் அதே கல் சாம்பல் நிறச் சூழலுக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு. சூழவுள்ள இழையம் 30 அல்லது 40 அலகில் இருக்க, கல் பல நூறு அலகில் இருப்பதால் கண்ணுக்குத் தப்புவது அரிது. எம்.ஆர்.ஐ.யில் நிலைமை தலைகீழாகும். கல்லுக்குள் சமிக்ஞை தரக்கூடிய நிலையில் ஐதரசன் கிட்டத்தட்ட இல்லாதபடியால் கல் தெரியாது. நீரை வெண்மையாகக் காட்டும் படத்தில், வெள்ளைச் சிறுநீர் நிரலின் நடுவே ஒரு கறுப்பு இடைவெளியாக மட்டும் அதன் இருப்பு புலப்படும். இரத்தக் கட்டியோ வாயுக் குமிழோ அதே இடைவெளியைத் தரக்கூடும். விலை கூடிய கருவி எல்லாவற்றையும் கூடுதலாகக் காட்டும் என்ற எண்ணம் பலரிடம் உண்டு. இந்த ஒரு கல்லே அது சரியல்ல என்பதற்குப் போதிய சான்று.

அப்படியென்றால் நாரி நோ என்றவுடன் எல்லாருக்கும் சி.ரி. என்று எழுதிவிடலாமே?

கூடாது. கல்லைக் கண்டுபிடிப்பதில் சி.ரி. முன்னிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் பரிசோதனையின் கெட்டித்தனத்தை மட்டும் பார்த்து விடை எழுத முடியாது. யாருக்கு, என்ன முடிவெடுப்பதற்காக என்பதையும் பார்க்க வேண்டும். வழமையான வயிற்றுச் சி.ரி. ஏறத்தாழ 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சைத் தரும். உலக சராசரியில் ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டு முழுவதும் பெறுவது ஏறத்தாழ 2.4 மில்லிசீவர்ட். கல் உள்ளவருக்கு அது மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். இருபது வயதில் தொடங்கியவருக்கு ஒவ்வொரு முறையும் சி.ரி. எடுத்தால் அளவு சேர்ந்துகொண்டே போகும்.

அமெரிக்காவின் பல அவசர சிகிச்சைப் பிரிவுகளை உள்ளடக்கி 2014 இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், முதலில் அல்ட்ராசவுண்ட் செய்யப்பட்டவர்களுக்கும் முதலில் சி.ரி. செய்யப்பட்டவர்களுக்கும் இடையே, ஆபத்தான நோய் தவறவிடப்பட்டதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களில் ஒரு பகுதியினருக்குப் பின்னர் சி.ரி.யும் தேவைப்பட்டது, ஆனாலும் அந்தக் குழுவினர் பெற்ற மொத்தக் கதிர்வீச்சு குறைவு. ஐரோப்பிய வழிகாட்டல்கள் அல்ட்ராசவுண்டில் தொடங்கச் சொல்கின்றன. அமெரிக்கக் கதிரியலாளர்களின் வழிகாட்டல், முதன்முறை நோவோடு வரும் வளர்ந்தவருக்குச் சி.ரி.யை முன்வைக்கிறது. இரண்டில் எதை எழுதினாலும் காரணத்தோடு எழுதினால் விடை நிற்கும். என் விருப்பம் அல்ட்ராசவுண்டில் தொடங்குவதே. பிள்ளைகளிலும் கர்ப்பிணிகளிலும் அது விருப்பம் சார்ந்ததல்ல. அங்கே அதுதான் முதற்படி.

அல்ட்ராசவுண்ட் ரிப்போர்ட்டில் கல் காணப்படவில்லை என்று வந்தால் கல் இல்லைத்தானே?

இல்லை என்று கொள்ள முடியாது. விடைத்தாள்களில் அதிகம் புள்ளி இழக்கப்படும் இடமும் இதுதான். சிறுநீரகம் விலா எலும்புகளுக்குக் கீழே நல்ல பார்வைக்குள் இருக்கிறது. சிறுநீர்க்கான் சிறுநீர்ப்பைக்குள் நுழையும் கீழ்நுனியும், பை நிறைந்திருந்தால், அந்த நீரினூடாக நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் இடையில் சிறுநீர்க்கானின் நடுப்பகுதி குடலுக்குப் பின்னால் ஓடுகிறது. முதற்கேள்வியில் சொன்ன வாயு அங்கே மறைத்துவிடும். கல் அந்த இடத்தில் நின்றால் அல்ட்ராசவுண்ட் அதைக் காணாமல் போவது வழமை.

அதனால் ரிப்போர்ட்டில் கல்லை மட்டும் தேடாமல், அடைப்பின் விளைவையும் தேடுங்கள். சிறுநீரகத்தின் நடுவே கிளைபோலப் பிரிந்த கறுப்பு நீர்மம் தெரிந்தால் சேகரிக்கும் பகுதி விரிந்திருக்கிறது என்று பொருள். சிறுநீர்ப்பைக்குள் சிறுநீர் பீறிட்டு விழுவதை நிற டொப்ளரில் பார்க்கலாம். ஒரு பக்கத்தில் அது திரும்பத் திரும்ப வர, மறுபக்கத்தில் வராமலிருந்தால் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் நோ தொடங்கிய முதற் சில மணித்தியாலங்களிலும், உடலில் நீர் வற்றிய நோயாளியிலும் விரிவு இன்னும் ஏற்பட்டிருக்காது. வெயிலில் நின்று நேரே வந்த ஒருவருக்கு உடனே ஸ்கான் செய்து, விரிவு இல்லை என்று கண்டு, அவரை வீட்டுக்கு அனுப்புவது பிழையாகலாம். பை நிறையத் தண்ணீர் குடிக்கவைத்துப் பார்ப்பதற்கும், நோ தொடர்ந்தால் அடுத்த படிக்குப் போவதற்கும் காரணம் இதுவே.

சி.ரி. எழுதும்போது கொன்ட்ராஸ்ட் ஊசி போட்டா, போடாமலா?

கல்லைத் தேடுகிறீர்களானால் போடாமல். நாளத்தில் ஏற்றும் அயடீன் மருந்து சில நிமிடங்களில் சிறுநீரகத்தால் வடிக்கப்பட்டுச் சிறுநீரோடு கீழிறங்கும். அதுவும் வெள்ளை, கல்லும் வெள்ளை; கல் அதற்குள் மறைந்துவிடும். மருந்து தேவையில்லாதபடியால் ஒவ்வாமைக் கவலையும், சிறுநீரகத் தொழிற்பாடு குன்றியவருக்கு வரும் கவலையும் இங்கே எழுவதில்லை. சில செக்கன்களில் மூச்சைப் பிடித்து முடிந்துவிடும் சோதனை இது.

கல்லுக்கும் சூழலுக்கும் வேறுபாடு மிகப் பெரிதென்பதால் கதிர்வீச்சைக் குறைத்து, படம் சற்று மணல்மணலாக வந்தாலும் கல் தெரியும். ஆகவே படிவத்தில் ‘குறைந்த கதிர்வீச்சளவில், கொன்ட்ராஸ்ட் இல்லாமல், சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை’ என்று எழுதுங்கள். அளவை 3 அல்லது 4 மில்லிசீவர்ட்டுக்குக் கீழே வைத்திருக்க முடியும். மிகப் பருமனான உடலிலும், 3 மில்லிமீற்றருக்குச் சிறிய கல்லிலும் இந்தக் குறைந்த அளவு தடுமாறும். கொன்ட்ராஸ்ட் தேவைப்படுவது, தேடுவது கல் அல்லாதபோது: கட்டி, சீழ், இரத்தக்குழாய் ஆகியவற்றுக்கு. சூழலைப் போன்ற அடர்த்தியே அவற்றுக்கும் இருப்பதால், மருந்து எவ்வளவு சேர்கிறது என்பதில்தான் அவை பிரிந்து தெரியும்.

யூரிக் அமிலக் கல் எக்ஸ்ரேயில் தெரியாது என்று படித்தோம். சி.ரி.யும் எக்ஸ் கதிர்தானே, அதில் எப்படித் தெரிகிறது?

எக்ஸ்ரேத் தாளில் வயிற்றின் முழுத் தடிப்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. கல்சியம் இல்லாத ஒரு சிறு கல் உறிஞ்சும் மேலதிகக் கதிர், அத்தனை தசைக்கும் மலத்துக்கும் நடுவே கரைந்துவிடும். சி.ரி. மெல்லிய தட்டுகளாகப் பிரித்து ஒவ்வொரு புள்ளியையும் தனியே அளப்பதால், யூரிக் அமிலக் கல்லும் சில நூறு அலகுகளோடு தனித்து நிற்கும்; பெரும்பாலும் 500 அலகுக்குக் கீழே. கடினமான கல்சியம் ஒட்சலேற்றுக் கல் 1000 அலகைத் தாண்டும்.

இந்த எண் சிகிச்சைக்கும் உதவும். யூரிக் அமிலக் கல்லைச் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்கும் மருந்தால் கரைக்க முடியும். 1000 அலகுக்கு மேற்பட்ட கல் அதிர்வலைச் சிகிச்சையில் எளிதில் உடையாது. சி.ரி.யிலும் தெரியாமல் போகும் கல்லுக்குப் பரீட்சகர் எதிர்பார்க்கும் உதாரணம், எச்.ஐ.வி.க்கு வழங்கப்பட்ட இன்டினாவிர் என்ற மருந்து படிந்து உண்டாகும் கல்.

சிறுநீரகக் கல்லுக்கு இவ்வளவு நல்ல சி.ரி. பித்தக்கல்லை ஏன் தவறவிடுகிறது?

கொலஸ்திரோல் மிகுந்த பித்தக்கல்லின் அடர்த்தி, அதைச் சூழ்ந்த பித்தத்தின் அடர்த்தியை ஒத்திருக்கும். சி.ரி. அளக்கும் பண்பில் வேறுபாடு இல்லை. ஆகவே படத்திலும் இல்லை. அல்ட்ராசவுண்டுக்கோ பித்தப்பை மிக வாய்ப்பான உறுப்பு. தோலுக்கு அருகில், நீர்மம் நிறைந்து, முன்னால் வாயு இல்லாமல் இருக்கிறது. கல் நிழலோடு தெரியும். ஆளைப் புரட்டிப் படுக்கவைத்தால் உருளவும் காணலாம். வயிற்றின் வலப்பக்க மேற்பகுதி நோவுக்கு அல்ட்ராசவுண்டை முதலில் எழுதுவது இதனால்தான்.

கல் இறங்கிப் பொதுப் பித்தக்கானின் கீழ்நுனியில் சிக்கினால், முன்சிறுகுடலின் வாயு அல்ட்ராசவுண்டை மறைக்கும். அங்கே எம்.ஆர்.ஐ. மூலம் பித்தக்கானைப் பார்க்கும் சோதனை முன்னுக்கு வரும். இரண்டாம் கேள்வியில் சொன்ன வெள்ளை நீர் நிரலில் கறுப்பு இடைவெளி என்ற அதே தத்துவம்தான்.

ஒரு முழுக் கேள்விக்கு எப்படி விடை எழுதுவது என்று காட்ட முடியுமா?

பரீட்சைக்காக அமைத்த ஒரு நோயாளியை எடுப்போம். புன்னாலைக்கட்டுவனில் வெங்காயச் செய்கை செய்யும் 38 வயது ஆண். விடியற்காலையில் இடது நாரியில் தொடங்கிய நோ அலையலையாகக் கவட்டுக்கு இறங்குகிறது, படுக்கையில் அசையாமல் கிடக்க முடியாமல் புரளுகிறார், சத்தி எடுத்திருக்கிறார். காய்ச்சல் இல்லை. வயிறு மென்மையாக இருக்கிறது. சிறுநீரில் இரத்தம் உண்டு, கிரியற்றினின் இயல்பு. நோ தணிய ஊசி போட்டாயிற்று. அல்ட்ராசவுண்டில் இடது சிறுநீரகம் இலேசாக விரிந்து, சிறுநீர்க்கானின் மேற்பகுதியும் விரிந்திருக்கிறது. அதற்குக் கீழே வாயு மறைக்கிறது. சிறுநீர்ப்பை வாயிலில் கல் இல்லை. வலது சிறுநீரகம் இயல்பு. இனி என்ன?

பலர் ‘அடைப்பு இருக்கிறது, ஆகவே கல்’ என்று எழுதி நிறுத்துகிறார்கள். அடைப்பு எங்கே, எதனால், எவ்வளவு பெரிது என்பது இன்னும் தெரியாது. அதைத் தெரிந்தால்தான் காத்திருப்பதா, தலையிடுவதா என்று முடிவெடுக்க முடியும். 5 மில்லிமீற்றர் வரையான கற்களில் பெரும்பான்மை தாமாக வெளியேறும்; 5 முதல் 10 வரையானவற்றில் ஏறத்தாழ அரைவாசிதான். நான் எதிர்பார்க்கும் விடை இப்படி அமையும்: ‘குறைந்த கதிர்வீச்சளவில், கொன்ட்ராஸ்ட் இல்லாத சி.ரி., சிறுநீரகம் முதல் சிறுநீர்ப்பை வரை. அல்ட்ராசவுண்ட் அடைப்பைக் காட்டினாலும் சிறுநீர்க்கானின் நடுப்பகுதியைக் காட்டவில்லை. சி.ரி. கல்லின் இடம், அளவு, அடர்த்தி ஆகியவற்றைத் தரும். கல் இல்லையானால் வேறு காரணத்தையும் காட்டக்கூடும். கொன்ட்ராஸ்ட் கல்லை மறைக்கும். எம்.ஆர்.ஐ. சிறிய கல்லைத் தவறவிடும். நேரமும் கூடுதலாக எடுக்கும்.’

சி.ரி. வந்தது. இடது சிறுநீர்க்கானின் நடுப்பகுதியில் 6 மில்லிமீற்றர் கல், 900 அலகு. அதற்கு மேலே கான் விரிந்து, சிறுநீரகத்தைச் சுற்றிய கொழுப்பில் மெல்லிய இழைகள் ஓடுகின்றன. இந்த இழைகள் திடீர் அடைப்பின் பக்கச் சான்று. கல் ஏற்கெனவே வெளியேறிவிட்ட ஒருவரிலும் சில காலம் நிற்கும். கல்சியம் கல் என்று கொள்ளத்தக்க அடர்த்தி. தானாக வெளியேறும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நோ அடங்கி, தொற்று இல்லாமல் இருந்தால் சில வாரங்கள் காத்திருக்கலாம். இல்லையெனில் சத்திரசிகிச்சை வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

இதே நோவோடு 30 வாரக் கர்ப்பிணி வந்தால்?

முதலில் அல்ட்ராசவுண்ட், ஐயமில்லாமல். ஆனால் அதை வாசிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கர்ப்ப காலத்தில் ஓமோன் மாற்றத்தாலும் கருப்பையின் அழுத்தத்தாலும் சிறுநீரகம் இயல்பாகவே விரியும், குறிப்பாக வலப்பக்கம். நோவும் விரிவும் சேர்ந்திருப்பதால் மட்டும் கல் என்று சொல்ல முடியாது. இயல்பான விரிவு, சிறுநீர்க்கான் இடுப்பெலும்பின் விளிம்பைக் கடக்கும் இடத்தில் ஒடுங்கி நின்றுவிடும். அதற்குக் கீழேயும் கான் விரிந்திருந்தால் அடைப்பைத் தேட வேண்டும். கீழ்நுனியைப் பார்க்க யோனி வழி ஸ்கானும் உதவும்.

தெளிவு கிடைக்காவிட்டால் அடுத்தது கொன்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர்.ஐ. கல்லை அது நேரடியாகக் காட்டாது என்று முன்னரே சொன்னேன். இருந்தும் கதிர்வீச்சு இல்லாமல் கான் எங்கே அடைபடுகிறது என்பதைக் காட்டுவதால் இங்கே அதுவே பொருத்தம். கடோலினியம் மருந்து சூல்வித்தகத்தைக் கடந்து சிசுவை அடையும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். குறைந்த அளவுச் சி.ரி. முற்றாக விலக்கப்பட்டதல்ல. தாயின் நிலை மோசமாகி, மற்ற இரண்டும் பதில் தராதபோது மூத்த வைத்தியர்கள் கலந்து பேசி எடுக்கும் முடிவு அது. விடையில் அதைக் கடைசியில், அந்த நிபந்தனையோடு எழுதுங்கள்.

உடம்பில் ஷெல் துண்டு இருப்பவருக்கு எம்.ஆர்.ஐ. எழுதலாமா?

இக்கேள்வி எங்கள் மாகாணத்தில் பாடநூலில் உள்ளதைவிட அதிகமாக எழும். போர் 2009 இல் முடிந்துவிட்டது. துண்டுகள் இன்னும் பலரின் உடலில் இருக்கின்றன. சிலருக்குத் தம்முள் எத்தனை இருக்கின்றன என்பதே தெரியாது. ஷெல் சிதறல் பெரும்பாலும் உருக்கு. வலிய காந்தத்தில் அது அசையலாம், சூடாகலாம். கண்ணுக்குள்ளோ, முண்ணாணுக்கு அருகிலோ, பெரிய இரத்தக்குழாயின் ஓரத்திலோ இருந்தால் ஒரு மில்லிமீற்றர் அசைவும் நிரந்தரப் பாதிப்பாகலாம். தசைக்குள் தழும்பால் சூழப்பட்டுப் பல்லாண்டு கிடக்கும் துண்டின் ஆபத்து குறைவு. ஆனாலும் இடத்தை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகு கதிரியல் வைத்தியரே முடிவெடுக்க வேண்டும்.

‘உலோகம் ஏதும் வைத்திருக்கிறீர்களா’ என்று மட்டும் கேட்டால், பலர் நகையையும் திறப்பையும்தான் நினைப்பார்கள். ‘எப்போதாவது காயம் பட்டதா, எந்த இடத்தில், துண்டை எடுத்தார்களா’ என்று கனிவாக, தனிமையில் கேளுங்கள். பழைய தழும்புகளையும் பாருங்கள். இதய முடுக்கி, மூளைக் குழாயில் போட்ட கிளிப் ஆகியவற்றையும் அப்போதே கேட்டுவிடலாம். நாரி நோவுக்கு இவரிடம் சி.ரி.தான் எளிது. துண்டின் அருகே வெள்ளைக் கீற்றுகள் பரவிப் படத்தைக் கெடுக்கும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

நாரி நோவோடு வந்தவருக்கு 72 வயது, முதல் தடவை, சுருட்டுப் பிடிப்பவர். அவருக்கும் அதே விடைதானே?

இங்கே கல்லை நினைக்க முன் வயிற்றுப் பெருநாடி வீக்கத்தை நினைக்க வேண்டும். வெடிக்கத் தொடங்கிய வீக்கம், கல்லின் நோவைப் போலவே நாரியிலிருந்து கவட்டுக்கு இறங்கலாம்; சிறுநீரில் இரத்தமும் காணப்படலாம். கட்டிலருகே வைத்து அல்ட்ராசவுண்டால் பெருநாடியின் விட்டத்தைச் சில நிமிடங்களில் அளக்கலாம். 3 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வீக்கம். ஆனால் இரத்தம் பின்வயிற்றுக்குள் கசிகிறதா என்பதை அல்ட்ராசவுண்ட் நம்பத்தக்கதாகக் காட்டாது.

ஆகவே விடை நோயாளியின் நிலையைப் பொறுத்துப் பிரிகிறது. இரத்த அழுத்தம் இறங்கி, அல்ட்ராசவுண்டில் பெரிய வீக்கமும் தெரிந்தால், சத்திரசிகிச்சைக் குழுவை உடனே அழைப்பதுதான் முதல் வேலை. மேலதிகப் படத்துக்காக அவரைக் காக்கவைக்கக் கூடாது. நிலை தாங்குமானால் கொன்ட்ராஸ்ட் ஏற்றிய சி.ரி. தேவை. கல்லைத் தேடும்போது விலக்கிய மருந்து, இரத்தக்குழாயைப் பார்க்கும்போது அவசியமாகிறது.

காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால் பரிசோதனை மாறுமா?

பரிசோதனையை விட அவசரம் மாறும். அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று ஏறினால் சில மணித்தியாலங்களுக்குள் குருதி நஞ்சேறல் வரை போகலாம். இங்கே அறிய வேண்டியது கல்லின் பருமன் அல்ல. சிறுநீரகம் விரிந்திருக்கிறதா என்பதே, அதை அல்ட்ராசவுண்ட் உடனே சொல்லும். விரிந்திருந்தால் நுண்ணுயிர்கொல்லியோடு, குழாய் வைத்துச் சிறுநீரை வடிக்க வேண்டும். நாரித் தோலினூடாக வடிகுழாய் வைப்பதென்றால் அதற்கும் வழிகாட்டுவது பெரும்பாலும் அல்ட்ராசவுண்ட்தான். உடனடியாகக் கிடைக்குமானால் சி.ரி. அடைப்பின் இடத்தைத் தெளிவாக்கும். ஆனால் அதற்காக வடிப்பதைத் தாமதிக்கக் கூடாது. கல்லை அகற்றுவது தொற்று அடங்கிய பிறகு.

சி.ரி.யில் இடுப்பின் அடியில் வெள்ளைப் பொட்டு ஒன்று. அது கல்தான் என்று எப்படி உறுதிசெய்வது?

இடுப்புக்குழி நாளங்களில் சுண்ணமேறிய சிறு இரத்தக்கட்டிகள் வயது போனவர்களில் சாதாரணம். அவையும் உருண்டை வெள்ளைப் பொட்டுகளே. சிறுநீர்க்கானை மேலிருந்து தட்டுத்தட்டாகப் பின்தொடர்ந்து வாருங்கள். கானின் போக்கிலேயே பொட்டு அமைந்து, அதைச் சுற்றி மெல்லிய சாம்பல் வளையம் தெரிந்தால், அது கல்லை இறுக்கிப் பிடித்து வீங்கிய கானின் சுவர்; கல் என்று கொள்ளலாம். வளையம் இல்லாமல், ஒரு பக்கத்தில் வால்போல நாளம் நீண்டால் அது நாளத்திலுள்ள கட்டி என்ற பக்கம் சாயலாம். வளையம் இல்லை என்பதற்காக மட்டும் கல்லை விலக்கக் கூடாது.

சிறுநீர்ப்பையின் வாயிலில் நிற்கும் கல், கானுக்குள் சிக்கியிருக்கிறதா, பைக்குள் விழுந்துவிட்டதா என்பது இன்னொரு மயக்கம். நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து அந்த இடத்தை மட்டும் மீண்டும் எடுத்தால், விழுந்த கல் முன்பக்கம் உருளும். சிக்கிய கல் நின்ற இடத்திலேயே நிற்கும்.

சில வாரம் கழித்துக் கல் போய்விட்டதா என்று பார்க்க மறுபடியும் சி.ரி.யா?

பெரும்பாலும் தேவையில்லை. முதற் சி.ரி.யின்போது ஆரம்பத்தில் எடுக்கும் நீளப் படத்தைப் பாருங்கள். சாதாரண எக்ஸ்ரேயை ஒத்த அந்தப் படத்தில் கல் தெரிந்திருந்தால், எக்ஸ்ரே ஒன்றாலேயே அதன் நகர்வைப் பின்தொடரலாம். கூடவே அல்ட்ராசவுண்ட் செய்தால் விரிவு அடங்கிவிட்டதா என்பதும் தெரியும். நோ போய்விட்டது என்ற காரணத்தால் மட்டும் கல் போய்விட்டது என்று எழுதாதீர்கள். அடைப்பு நீடித்தும் நோ மங்கிய சிறுநீரகம் மௌனமாகத் தன் தொழிலை இழக்கக்கூடும். எக்ஸ்ரேயில் தெரியாத கல்லாக இருந்து, அல்ட்ராசவுண்டில் விரிவு இன்னும் நின்றால், அப்போது குறைந்த அளவுச் சி.ரி.யை மீண்டும் கோருவதற்கு நியாயம் உண்டு. படிவத்தில் முன்னைய சி.ரி.யின் திகதியையும், கல் நின்ற இடத்தையும், அதன் அளவையும் எழுதி அனுப்புங்கள்.